ஆலோசனைக் குழு உறுப்பினரின் அறிமுகக் குறிப்பை எப்படி எழுதுவது? கேள்வி பதில்

கேள்வி (மருத்துவக் கருவி நிறுவனர், கோவை): மேடம், எங்கள் இன்ஃப்யூஷன் பம்ப் ஸ்டார்ட்அப்புக்கு ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் ஆலோசகராக வந்திருக்கிறார். "30 ஆண்டு அனுபவமும் பல விருதுகளும் பெற்ற தொலைநோக்காளர்" என்று எழுதினோம். ஒரு முதலீட்டாளர் "சரி, இவர் உங்களுக்கு என்ன செய்வார்?" என்று கேட்டுவிட்டார்.

பதில்: அவர் கேட்டது நியாயம். உங்கள் நிறுவனத்தின் பெரிய இடர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 2017 மருத்துவக் கருவி விதிகள், ஆபத்தின் அளவை வைத்துக் கருவிகளை ஏ முதல் டி வரை வகுக்கின்றன. இன்ஃப்யூஷன் பம்ப் அதில் வகுப்பு சி. ஏ, பி வகுப்புகளுக்கு மாநில அதிகாரிகள் உற்பத்தி உரிமம் தருகிறார்கள். சி, டி வகுப்புகளுக்கு அது டெல்லியிலுள்ள மத்திய அதிகாரியிடமிருந்து வரவேண்டும். 2023 அக்டோபர் முதல் அந்த உரிமம் இல்லாமல் விற்க முடியாது. ஆக, உங்கள் முதலீட்டாளரின் கவலை உரிமம்தான். விருதுப் பட்டியல் அந்தக் கவலையைத் தொடவே இல்லை.

அவரிடம் போனில் பேசுங்கள். எந்த வகுப்புக் கருவிக்குக் கோப்பு தயாரித்தார், அதில் அவர் கையெழுத்து எங்கே இருந்தது, ஆய்வாளர்கள் ஆலைக்கு வந்தபோது பதில் சொன்னது அவரா வேறொருவரா என்று கேளுங்கள். "டீமில் இருந்தேன்" என்றால் விடாதீர்கள், டீமில் என்ன செய்தார் என்று கேளுங்கள். பதில்கள் திருப்தியாக இருந்தால் குறிப்பு இப்படி வரும்:

"மருத்துவக் கருவி ஆலையில் தரப் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பு சி கருவிகளின் உற்பத்தி உரிமத்துக்கான எம்.டி-7 விண்ணப்பக் கோப்புகளைத் தயாரித்தவர். ஆலை ஆய்வின்போது அதிகாரிகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் இருந்தவர். எங்கள் இடர் மதிப்பீட்டுக் கோப்பையும் வடிவமைப்பு மாற்றப் பதிவுகளையும் மாதம் ஒருமுறை படித்துக் கருத்துச் சொல்கிறார். நோயாளிகளிடம் நடத்தும் பரிசோதனைகள் இவருடைய துறை அல்ல."

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று எல்லா நிறுவனர்களும் கேட்பார்கள். எடுக்காதீர்கள். எல்லை எங்கே முடிகிறது என்று சொன்னால்தான் முந்தைய வரிகளை நம்பத் தோன்றும். அப்புறம், "உரிமம் பெற்றுத் தருவார்" என்ற தொனி எங்கும் வரக்கூடாது. அதை எந்த ஆலோசகராலும் உறுதி சொல்ல முடியாது.

எழுதி முடித்ததும் நிறுவனத்துக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து, "இவருக்கு நீங்கள் எந்தச் சிக்கலைப் பற்றி மெயில் அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் குறிப்பு இன்னும் ஆகவில்லை.

கேள்வி (கல்லூரி மாணவர்): அக்கா, எத்தனை வார்த்தை இருக்கணும்?

பதில்: இணையதளத்துக்கு ஒரு பத்தி, முதலீட்டாளருக்குக் காட்டும் ஸ்லைடில் இரண்டு வரி.

கேள்வி (பேராசிரியர்): நான் அரசுப் பொறியியல் கல்லூரியில் பணியில் இருக்கிறேன். என் மாணவர்களின் நிறுவனம், கல்லூரிப் பெயருடன் என் குறிப்பைப் போட்டிருக்கிறது. பேட்டரி வெப்ப மேலாண்மை என் துறை. சரியாக எழுதியிருக்கிறார்களா?

பதில்: சார், துறையைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று: கல்லூரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964 நடத்தை விதிகளில் 15ஆம் விதி வெளிவேலையைக் கட்டுப்படுத்துகிறது. மாநில அரசு ஊழியர்களுக்குத் தனி விதிகள் உண்டு. சம்பளம் வாங்கவில்லை என்பது மட்டும் போதாது. அனுமதி வரும்வரை கல்லூரிப் பெயரையும் சின்னத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். தனியார் வேலையில் இருப்பவர்களுக்கும் இதேதான்: இப்போதைய முதலாளியின் பெயரை, அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் போடாதீர்கள்.

கேள்வி (விற்பனைத் துறை அன்பர்): இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? நாடறிந்த பெயர் ஒன்று இருந்தால் போதாதா?

பதில்: அமெரிக்காவின் தெரனோஸ் நிறுவனத்தைப் பாருங்கள். ஒரு சொட்டு ரத்தத்தில் பரிசோதனை என்று சொன்ன நிறுவனம். அதன் இயக்குநர் குழுவில் ஜார்ஜ் ஷுல்ட்ஸ், ஹென்றி கிஸ்ஸிங்கர் என்று இரண்டு முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள் இருந்தார்கள். மருத்துவம் படித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் குழுவின் எடை ராஜதந்திரத்திலும் ராணுவத்திலும்தான் இருந்தது. கருவியின் துல்லியம் பற்றிய கேள்விகள் 2015 அக்டோபரில் பத்திரிகையில் வெடித்தன. ஆய்வகத் துறை நிபுணர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுவை அடுத்த ஆண்டு ஏப்ரலில்தான் அறிவித்தார்கள். பெரிய பெயர் கதவைத் திறக்கும், மறுக்கவில்லை. அப்படியானால் "அரசு மருத்துவமனைக் கொள்முதலில் அறிமுகம் செய்து உதவுகிறார்" என்று அந்த உதவியையே எழுதுங்கள்.

கேள்வி (ஐடி நிறுவனர்): ஆலோசனைக் குழு சட்டப்படி இயக்குநர் குழு இல்லை. பொறுப்பே கிடையாது. அதனால் "நிறுவனத்தின் தொழில்நுட்ப முடிவுகளை வழிநடத்துகிறார்" என்று தாராளமாகப் போடலாம்தானே?

பதில்: ஆலோசனைக் குழு இயக்குநர் குழு இல்லை என்பது சரி. "வழிநடத்துகிறார்" எனக்கு உறுத்துகிறது.

இடையில் ஒரு கம்பெனி செக்ரட்டரி: உறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 2(60) பாருங்கள். இயக்குநர் குழு யாருடைய ஆலோசனை, கட்டளைப்படி நடந்து பழகியிருக்கிறதோ, அவரும் தவறுக்குப் பொறுப்பான அதிகாரியாகக் கருதப்படலாம். தொழில்முறையாக ஆலோசனை சொல்பவருக்கு விலக்கு உண்டு.

ஐடி நிறுவனர்: விலக்கு இருக்கிறதே சார், அப்புறம் என்ன?

கம்பெனி செக்ரட்டரி: ஒரு வக்கீலோ ஆடிட்டரோ சொன்னால் தொழில்முறை என்பது தெளிவு. பங்கு வாங்கிக்கொண்டு வாராவாரம் முடிவெடுக்கும் கூட்டத்தில் உட்காருபவர் அந்த விலக்கில் நிற்பாரா என்பது நடந்ததை வைத்துத்தான் தீரும். அங்கே உங்கள் இணையதளத்தையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

ஐடி நிறுவனர்: ஒரு வினைச்சொல்லுக்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

பதில்: வினைச்சொல் மட்டுமே யாரையும் மாட்டிவிடாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அந்தச் சொல் உண்மையா? உங்கள் ஆலோசகர் முடிவெடுக்கிறாரா, கருத்துச் சொல்கிறாரா? கருத்துத்தான் என்றால் "சர்வர் கட்டமைப்பு மாற்றங்களைப் பரிசீலித்துக் கருத்துச் சொல்கிறார்" என்பது பாதுகாப்பும் கூட, தகவலும் கூட. உண்மையிலேயே முடிவெடுக்கிறார் என்றால் குறிப்பைத் திருத்திப் பயனில்லை. அவருடைய பதவியைப் பற்றி செக்ரட்டரி சாரிடம் தனியாகப் பேசுங்கள். விலக்கு எதுவரை நீளும் என்பதை நீங்கள் இருவரும் தனி இழையில் தொடருங்கள், நானும் படிக்கிறேன்.

கேள்வி (உணவு ஸ்டார்ட்அப், மதுரை): எங்கள் ஆலோசகருக்கு 0.5% ஈசாப் பங்கு என்று குறிப்பிலேயே போட்டால் நம்பிக்கை வருமா?

பதில்: பங்கு விவரம் ஒப்பந்தத்துக்குரியது, குறிப்புக்கு வேண்டாம். அதோடு, நம் சட்டத்தில் ஈசாப் ஊழியர்களுக்கும் இயக்குநர்களுக்கும்தான். வெளி ஆலோசகருக்கு வேறு வழி பார்க்கவேண்டும். அமெரிக்க மாதிரி ஒப்பந்தங்களில் வரும் கால் சதவீதம், ஒரு சதவீதத்தை அப்படியே எடுத்து எழுதுவதால் வரும் குழப்பம் இது. உங்கள் கேள்வியில் அவர் உணவில் எதை அறிந்தவர் என்றே சொல்லவில்லையே? கெட்டுப்போகாமல் வைப்பதா, பேக்கிங்கா, லேபிள் விதிகளா? அதை எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: மேடம், எத்தனை வார்த்தை? டெம்ப்ளேட் கிடைக்குமா?

பதில்: வார்த்தைக் கணக்கு மேலே இருக்கிறது. டெம்ப்ளேட் தரமாட்டேன், கோவைக்காரருக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் பொய்யாகிவிடும். உங்கள் ஆலோசகரிடம் போனில் பேசுங்கள்.

கேள்வி (ஆலோசகராக இருப்பவர்): என் பழைய கம்பெனியின் பெயரைப் போடலாமா?

பதில்: வேலை பார்த்தது உண்மை என்றால் பெயரையும் பதவியையும் சொல்லலாம், ரகசிய ஒப்பந்தம் தடுக்காதவரை. சின்னத்தைப் போடாதீர்கள், அவர்களே உங்களை ஆதரிப்பதுபோல் தெரியும். இப்போதும் அங்கே வேலை பார்த்தால், பேராசிரியருக்குச் சொன்னதுதான்: முதலில் எழுத்தில் அனுமதி.