பிரான்சில் கொலேஜ் எனும் இடைநிலைப் பள்ளியில் பிள்ளையைப் பதியப் போகும்போது என்ன பேசுவது?

“அக்கா, நாங்கள் லா கூர்நெவில் மச்சான் வீட்டில் நிற்கிறம். மகனுக்கு 12 வயது, ஊரில் ஏழாம் ஆண்டு படிச்சவன். புதுசா வந்த பிள்ளையளுக்கு வைக்கிற கஸ்னாவ் சோதனை முடிஞ்சு, எந்தக் கொலேஜ் எண்டு கடிதம் வந்திட்டுது. செவ்வாய்க்கிழமை பதியப் போகவேணும். பிரெஞ்சு தெரிஞ்ச ஒருத்தரும் கூட வர ஏலாது. செக்ரத்தேர் என்ன கேப்பா, நான் என்ன சொல்லவேணும்?”

தம்பி, கடிதம் கையில் வந்துவிட்டதென்றால் பெரிய வேலை முடிந்துவிட்டது. மகனுக்கு அங்கே இடம் ஒதுக்கியாகிவிட்டது, செக்ரத்தேர் அதைப் பதிவேட்டில் ஏற்றத்தான் போகிறார். அவர் கேட்பதில் முக்கால்வாசிக்குப் பேச்சே தேவையில்லை, கடதாசியை நீட்டினால் போதும். ஆனால் மூன்று இடங்களில் எங்கள் ஆட்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், நானும் தடுமாறியிருக்கிறேன். அவற்றை மட்டும் வாய்க்குப் பழக்கிக்கொண்டு போங்கள்.

உள்ளே போனதும் வணக்கம் சொல்லாமல் விஷயத்தைத் தொடங்கவேண்டாம். இங்கே அது மரியாதைக் குறைவு. “பொன்ஷூர் மதாம். ஷ வியான் பூர் அன்ஸ்கிரீர் மோன் ஃபீஸ்.” மகனைப் பதிய வந்திருக்கிறேன் என்று அர்த்தம். ‘ஃபீஸ்’ என்பதில் கடைசி ‘ஸ்’ கட்டாயம் கேட்கவேண்டும். அவர் “வூஸாவே லா நோதிஃபிகாசியோன் தஃபெக்தாசியோன்?” என்பார். அதுதான் உங்களுக்கு வந்த கடிதம். “வுயி, லா வுவாலா” என்று கொடுங்கள்.

அப்புறம் பெயர். முதல் சிக்கல் இங்கேதான். உங்கள் அப்பா கந்தையா, நீங்கள் யோகராசா, மகன் ஆதவன் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் உங்கள் குடும்பப் பெயர் கந்தையா, மகனுடைய குடும்பப் பெயர் யோகராசா. மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் இருக்கலாம். மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். இங்கே பிள்ளைக்குத் தகப்பன் பெயரோ தாய் பெயரோ, இரண்டும் சேர்ந்தோ குடும்பப் பெயராக வரும். ஆகவே அவர் திரையைப் பார்ப்பார், உங்களைப் பார்ப்பார், பிறகு கேட்பார்: “ல நோம் த ஃபமீய், ஸெ பியான் யோகராசா? எ வூ, கந்தையா?”

அவர் சந்தேகப்படவில்லை, விளங்காமல் கேட்கிறார். இதைச் சொல்லுங்கள்: “வுயி. ஷே நூ, லான்ஃபான் போர்த் ல ப்ரெனோம் து பேர் கோம் நோம் த ஃபமீய்.” எங்களிடம் தகப்பனுடைய சொந்தப் பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப் பெயராக வரும் என்று பொருள். சொல்லிக்கொண்டே பிறப்புப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பில் தகப்பன் பெயர் உள்ள வரியை விரலால் காட்டுங்கள். ‘அசெர்மாந்தே’ மொழிபெயர்ப்பாளர், அதாவது நீதிமன்றப் பட்டியலில் உள்ளவர், செய்த மொழிபெயர்ப்பாக அது இருக்கட்டும். அவர் பதிந்து முடித்ததும் தாளை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். ‘நோம்’ கட்டத்தில் யோகராசா, ‘ப்ரெனோம்’ கட்டத்தில் ஆதவன். இது மாறினால் பிள்ளையை வகுப்பில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், பிற்காலத்தில் சான்றிதழிலும் அந்தப் பிழை தொடரும். அன்றைக்கே திருத்துவது சுலபம்.

அடுத்தது முகவரி. “வூஸெத் ஏபெர்ஷே?” என்றால் வேறொருவர் வீட்டில் தங்கியிருக்கிறீர்களா என்பது. “வுயி, ஷே மோன் போ-ஃப்ரேர்.” மச்சான் வீட்டில். அத்தோடு நீங்கள் அவர் வீட்டில் தங்கியிருப்பதாக மச்சான் எழுதிக் கையெழுத்திட்ட ‘அதெஸ்தாசியோன் தெபெர்ஷ்மான்’, அவருடைய அடையாள அட்டைப் பிரதி, அவர் பெயரில் வந்த மின்சார பில், மூன்றையும் ஒன்றாகக் கொடுங்கள். உங்கள் விசா அட்டையை அவர் கேட்கத் தேவையில்லை. இங்கே 3 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம், பெற்றோரின் வதிவிட அனுமதி பிள்ளையின் பதிவுக்கு நிபந்தனை இல்லை.

இனி இரண்டாவது சிக்கல், நான் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த இடம். செக்ரத்தேர் “இல் ஸரா ஆன் சான்கியேம்” என்றார். சான்கியேம் என்றால் ஐந்தாவது என்பது எனக்குத் தெரியும். ஏழாம் ஆண்டு படித்த பிள்ளையை, மொழி தெரியாத குற்றத்துக்காக இரண்டு வகுப்புக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று நினைத்தேன். எதிர்த்துப் பேசச் சொல் வரவில்லை. இரவு முழுக்க நானும் கணவரும் உறங்கவில்லை. அடுத்த நாள் பக்கத்து வீட்டு அம்மாதான் விளக்கினார்: இங்கே கொலேஜ் வகுப்புகளை மேலிருந்து கீழே எண்ணுவார்கள். 11 வயதில் ‘சிசியேம்’, ஆறாவது. 12 வயதில் சான்கியேம், ஐந்தாவது. பிறகு ‘காத்ரியேம்’, கடைசியாக ‘த்ருவாசியேம்’. வயது கூடக்கூட எண் குறையும். உங்கள் மகனுக்குச் சான்கியேம் என்று சொன்னால் அது அவனுடைய வயதுக்குச் சரியான வகுப்பு.

கூடவே ‘யு பே தொ ஆ’ என்றும் சொல்வார். புதிதாக வந்த பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கும் பிரிவு அது. கொலேஜில் வாரத்துக்குக் குறைந்தது 12 மணி நேரம் என்பது விதி. பெயர் சான்கியேம் பட்டியலிலும் இருக்கும், விளையாட்டு, ஓவியம், முடிந்தால் கணக்கு எல்லாம் அந்த வகுப்போடு. உறுதிப்படுத்த ஒரு கேள்வி போதும்: “இல் ஸரா ஓசி ஆன் க்ளாஸ் ஒர்தினேர்?” வழமையான வகுப்பிலும் இருப்பானா என்பது.

மூன்றாவது, மதியம். “தெமி-பான்சியொனேர் ஊ எக்ஸ்தேர்ன்?” ‘பான்சியோன்’ என்ற சொல் காதில் விழுந்ததும் பென்ஷன் ஞாபகம் வந்து, எங்களுக்கு அது வேண்டாம் என்று தலையாட்டியவர்கள் உண்டு. கேள்வி இதுதான்: மதியம் பள்ளிக் கண்டீனில் சாப்பிடுவானா, வீட்டுக்கு வருவானா? எக்ஸ்தேர்ன் என்று பதிந்தால் மதிய வேளையில் பிள்ளை வெளியே வந்துவிடுவான். நீங்கள் இரண்டு பேரும் வேலையில் என்றால் அவன் எங்கே போவான்? பெரும்பாலும் தவணை முடியும்வரை மாற்றவும் விடமாட்டார்கள். ஆகவே, “தெமி-பான்சியொனேர், ஸில் வூ ப்லே.” இறைச்சி சாப்பிடமாட்டான் என்றால் “இல் ந மான்ஷ் பா த வியாந்த்” என்று சேருங்கள். ஆனால் இறைச்சி இல்லாத சாப்பாடு தினமும் இருக்கும் என்று எண்ணவேண்டாம், அது கண்டீனைப் பொறுத்தது. கட்டணம் வருமானத்தைப் பார்த்துக் குறையலாம். “கெல் தோக்யுமான் பூர் ல தரீஃப்?” என்று கேட்டால் அதற்கு என்ன பத்திரம் வேண்டும் என்று சொல்வார்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் வேகமாகப் பேசுவார். விளங்காமல் ‘வுயி’ மட்டும் சொல்லவேண்டாம், தம்பி. அந்த ஒரு சொல்லால்தான் பிழையான கட்டத்தில் புள்ளடி விழுகிறது. “வூ பூவே லேக்ரீர், ஸில் வூ ப்லே?” எழுதித் தரமுடியுமா என்று கேளுங்கள், ஒரு சின்னக் கொப்பியையும் பேனாவையும் நீட்டுங்கள். என்னுடைய கொப்பியில் மூன்று வேறு கையெழுத்துகள் இன்னும் இருக்கின்றன. யாரும் மறுத்ததில்லை.

தடுப்பூசி அட்டையையும் மகனுடைய இரண்டு படத்தையும் மறக்கவேண்டாம். ‘ஃபீஷ் துர்ஷான்ஸ்’ என்று ஒரு தாள் தருவார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதற்கு. அதில் மச்சானுடைய எண்ணையும் போடுங்கள், பிரெஞ்சு பேசக்கூடிய ஒருவர் அதில் இருக்கவேண்டும்.

கடைசியாக “இல் கொமான்ஸ் கான்?” எப்போது தொடங்குவது? நாளையும் நேரத்தையும் கொப்பியில் எழுதித் தரட்டும். எந்தக் கதவால் வரவேண்டும் என்பதையும் கேளுங்கள்: “பார் கெல் பொர்த்?” பெரிய கொலேஜ்களில் பிள்ளைகள் வாசல் வேறு, பெற்றோர் வாசல் வேறு. முதல் நாள் காலையில் நாங்கள் பிழையான வாசலில் இருபது நிமிடம் நின்றோம்.