காரில் ஐந்து பேர், பயணம் ஒன்று: பெட்ரோல், சுங்கச் செலவைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு நண்பனின் காரில் நால்வர் கிளம்புகிறோம். ஐந்தாவது நண்பன் திருச்சியில் ஏறி, திரும்பும்போதும் திருச்சியிலேயே இறங்கிவிடுவான். காருக்குச் சுங்கச்சாவடி வருடாந்திர பாஸ் இருக்கிறது. யார் எவ்வளவு தர வேண்டும்?

பதில்: முதலில், பயணத்தில் எரிந்த பெட்ரோல் எவ்வளவு என்பது சரியாகத் தெரிய வேண்டும். புறப்படும் முன் டேங்கை முழுதாக நிரப்பி, அந்த பில்லைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்; திரும்பி வந்ததும் மறுபடி முழுதாக நிரப்பி, அந்த பில்லையும் வழியில் போட்டவற்றையும் மட்டும் கூட்டுங்கள். கடைசி முறை நிரப்பாமல் வண்டியைக் கொடுத்துவிட்டால், வண்டிக்காரர் ஏற்கெனவே போட்டிருந்த பெட்ரோல் யார் கண்ணிலும் படாமல் கரைந்திருக்கும்.

அந்தத் தொகையை ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரால் வகுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 7 ரூபாய் வந்ததாகவும், திருச்சி வரை 330 கி.மீ., அங்கிருந்து கன்னியாகுமரி 380 கி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். முதல் பகுதியின் 2,310 ரூபாயை நால்வர் பிரித்தால் தலைக்கு 577.50, அடுத்த பகுதியின் 2,660 ரூபாயை ஐவர் பிரித்தால் 532. ஆக, திருச்சி நண்பர் ஒரு வழிக்கு 532 ரூபாயும், மற்றவர்கள் 1,109.50 ரூபாயும் தர வேண்டும். மொத்தம் 4,970 ரூபாயை ஐந்தாகப் பிரித்திருந்தால் அவர் 994 ரூபாய் கொடுத்திருப்பார். திரும்பும் வழிக்கும் இதே முறைதான்.

சுங்கத்தையும் இதே போல, சாவடியைக் கடந்தபோது வண்டியில் இருந்தவர்கள் மட்டுமே பகிர வேண்டும். வருடாந்திர பாஸ் 2025 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானபோது அதன் விலை 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 முறை கடப்பது, இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். எனவே சாவடியின் வழக்கமான கட்டணத்தை நண்பர்களிடம் வாங்குவதும், பாஸ் இருப்பதால் ஒன்றுமே தராமல் இருப்பதும் சரியல்ல. வண்டிக்காரர் கொடுத்த விலையை 200-ஆல் வகுத்து, கடக்கும் ஒவ்வொரு முறைக்கும் அந்தத் தொகையை எழுதிக்கொள்ளுங்கள்; 3,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் அது 15 ரூபாய். மாநில அரசின் சாலைச் சாவடிகளில் இந்த பாஸ் செல்லாது. அங்கே ஃபாஸ்டேக் இருப்பிலிருந்து கழிந்த தொகையை, வரும் குறுஞ்செய்தியைப் பார்த்து அப்படியே சேர்க்க வேண்டும்.

டயர் தேய்மானத்துக்கும் சர்வீஸுக்கும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் சேர்த்து வண்டிக்காரருக்குக் கொடுப்பது நியாயம் என்பது என் கருத்து. இதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். கன்னியாகுமரியில் வைத்துக் கேட்டால் யாருக்கும் இனிக்காது. ஆனால் ஆகும் செலவுக்கு மேல் வசூலிக்கக் கூடாது. வெள்ளை நம்பர் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்ட அனுமதி கிடையாது என்பதால், அது லாபத்துக்கான ஓட்டமாகத் தெரிந்தால் விபத்து நேரத்தில் காப்பீட்டுத் தொகை பெறுவதில் சிக்கல் வரலாம்.