பொங்கலுக்கு அத்தைகிட்ட எப்படிப் பேச்ச ஆரம்பிக்கிறது?

கேள்வி: எங்க அத்தை, அப்பாவோட தங்கச்சி. மாமா தவறி ரெண்டு வருஷம் ஆகப்போகுது. கோலம், பூ, புதுத்துணி எதுவும் வேணாங்கிறாங்க, மாமியார் கூடத்தான் இருக்காங்க. இந்தப் பொங்கலுக்கு போன் பண்ணி வாழ்த்து சொல்லலாமா? அப்பா சீர் கொண்டு போகலாமா? எதுவும் கேக்காம விட்டுடுறதுதான் மரியாதையா?

பதில்: விட்டுடாதீங்க. போனும் பண்ணுங்க, நேர்லயும் போங்க. ஆனா "ஹேப்பி பொங்கல் அத்தை"ன்னோ "பால் பொங்கிச்சா"ன்னோ ஆரம்பிக்க வேணாம். பானையே வைக்காத வீட்ல அப்படிக் கேட்டா ஒண்ணு அவங்க பொய் சொல்லணும், இல்லன்னா "நாங்க வைக்கலப்பா"ன்னு சொல்லிட்டு நீங்க பதறுறதையும் சேர்த்து அவங்களே சமாளிக்கணும், ரெண்டுமே பாவம்.

பொங்கல் அன்னைக்குக் காலைல கூப்பிடாம போகி அன்னைக்கு சாயங்காலமே கூப்பிடுங்க. "அத்தை, நாளைக்கு ஆளாளுக்கு வேலையா இருக்கும், அதான் இன்னைக்கே பேசலாம்னு. சாப்டீங்களா? முட்டி வலி இப்ப எப்படி இருக்கு?" இவ்ளோ போதும். அவங்களா மாமா பேச்ச எடுத்தா பேச்ச மாத்தாதீங்க, நிறைய பேர் ஆறுதல்னு நெனச்சு அப்பத்தான் "சரி விடுங்க அத்தை"ன்னு வாய மூட வச்சிடுறாங்க. "மாமா கரும்ப வெட்டி எங்களுக்கு சமமா பங்கு போடுவாரே"ன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கறத ஒண்ணு சொல்லுங்க, அப்புறம் அவங்க பேசட்டும். பானையும் கோலமும் போட்ட வாழ்த்துப் படத்த அவங்களுக்குத் தனியா ஃபார்வர்ட் பண்ண வேணாம், அதுக்காக குடும்ப குரூப்ல இருந்து அவங்கள எடுத்துடவும் கூடாது.

சீர் விஷயத்துல நான் அழுத்தியே சொல்றேன், அப்பா அத நிறுத்தக்கூடாது. நிறைய வீட்ல "அவதான் பண்டிகை கொண்டாடலயே"ன்னு அண்ணன் தம்பிங்க பொங்கப்படியயே நிறுத்திடுறாங்க. அந்தப் பொண்ணுக்கு அது புருஷனோட சேர்த்து பொறந்த வீடும் போன மாதிரி இருக்கும், வாய்விட்டு கேக்கவும் மாட்டாங்க. பச்சரிசி, வெல்லம், கரும்பு, பழம், கவர்ல பணம் எல்லாம் வழக்கம்போல போகட்டும். மஞ்சக்கொத்து, குங்குமம், பூ, வளையல் இதுலதான் சிக்கல். நீங்களா எடுத்துட்டும் போகாதீங்க, நீங்களா தவிர்க்கவும் வேணாம், ஒரு வாரம் முன்னாடியே அப்பா தனியா போன்ல கேக்கட்டும்: "எப்பவும் போல படி கொண்டு வரேம்மா, எத வைக்க, எத விடன்னு நீயே சொல்லு." ஒரே ஒரு தடவ கேட்டா போதும், சொன்னத அப்படியே செய்யுங்க. புடவைக்கும் அதேதான், வெள்ளையா இருக்கட்டும்னு நீங்க முடிவு பண்றதும் தப்பு, செவப்பு எடுத்துக் குடுத்து கட்டிக்கோன்னு நிக்கறதும் தப்பு, கலர அவங்க சொல்லட்டும் இல்ல பணமா குடுத்துடுங்க.

ஏன் வற்புறுத்தக் கூடாதுன்னு சொல்றேன்னா, அவங்க வேணாங்கிறது நம்பிக்கையா இருக்கலாம், மனசு இன்னும் வராம இருக்கலாம், இல்ல மாமியார் வீட்ல பேச்சு வாங்கணுமேங்கிற பயமாவும் இருக்கலாம். மூணாவதா இருந்தா நீங்க எல்லார் முன்னாடியும் "காலம் மாறிடுச்சு அத்தை, பூ வச்சுக்கோங்க"ன்னு வச்சுவிட்டுட்டு கெளம்பிடுவீங்க, அதுக்கப்புறம் அந்த வீட்ல பேச்சு வாங்கப்போறது அவங்கதான். தனியா இருக்கும்போது பூவ எடுத்து மோந்து பாக்குறாங்க, மாமியார் வந்ததும் கீழ வச்சிடுறாங்கன்னா அது அந்தப் பயந்தான். அப்ப அவங்கள உங்க வீட்டுக்கு ரெண்டு நாள் கூட்டிட்டு வாங்க, அங்க அவங்க இஷ்டத்துக்கு விட்டுடுங்க.

நேர்ல போறதுக்கு காணும் பொங்கல் நல்ல நாள், பெரியவங்கள பாத்து ஆசி வாங்குற நாள்தானே, அத்தைய பாக்க வர்றதுக்கு வேற காரணமே வேண்டாம். கால்ல விழுந்து "ஆசீர்வாதம் பண்ணுங்க அத்தை"ன்னு கேளுங்க. "நான் பண்ணக்கூடாதுடா"ன்னு பின்னாடி நகந்தாங்கன்னா, அங்க யாராவது இருந்தா அத்தோட விட்டுடுங்க, விவாதம் பண்ண வேணாம். கொஞ்சம் கழிச்சு தனியா இருக்கும்போது "திருநீறாவது வச்சு விடுங்க அத்தை"ன்னு நெத்திய காட்டுங்க. குங்குமத்த தொட யோசிக்கிறவங்க கூட திருநீற பெரும்பாலும் தயங்காம வச்சு விடுவாங்க. அதுக்கும் மனசு வரலன்னா சிரிச்சிட்டு பக்கத்துல உக்காந்து அவங்க கையால ஒரு டம்ளர் காபி வாங்கிக் குடிங்க.

ஒண்ணு மட்டும் கவனிங்க. பண்டிகைய மட்டும் தவிர்த்தா அது அவங்க விருப்பம். சாப்பாடு, தூக்கம், வெளிய போறது எல்லாமே நின்னு போயிருந்தா அத வெறும் சம்பிரதாயம்னு விட்டுடாதீங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, 14416ங்கிற டெலி மானஸ் மனநல உதவி நம்பர்ல தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

அடுத்த வருஷம் அவங்களாவே "ஒரு முழம் பூ வாங்கிட்டு வா"ன்னு சொன்னா வாங்கிட்டுப் போய் குடுங்க, "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.