ஏழு அங்குலப் படிக்கு எவ்வளவு நீளச் சாய்தளம்?

"கோத்தகிரியில் சிறிய சலூன். வாசலில் 7 அங்குலப் படி. முன்னால் 3½ அடி சொந்த இடம், முகப்பு 12 அடி, கதவு ஓர் ஓரத்தில். சக்கர நாற்காலியில் வருபவர்களும் முதியவர்களும் ஏற முடிவதில்லை. கையில் பணம் குறைவு."

ஐயா, கதவுக்கு நேராகச் சாய்தளம் போடாதீர்கள். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு. உங்களுக்கு 7 அடி வேண்டும். 3½ அடியில் போட்டால் நாற்காலி பின்னால் கவிழக்கூடும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் 7 அடி ஏற்றி, மீதி 5 அடியைக் கதவு முன் சமதளமாக விடுங்கள். நாற்காலி திரும்ப அந்த இடம் அவசியம். வெளி விளிம்பில் 3 அங்குலத் தடுப்பும், சுவரில் இரும்புக் குழாய்க் கைப்பிடியும் போதும்.

டைல்ஸ் வேண்டவே வேண்டாம். நம் ஊர் மூடுபனியில் அது சறுக்குமரம். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கீறுங்கள். மழைக்காலத்தில் பாசியைத் தேய்த்து எடுங்கள். பாசி படிந்தால் அந்தக் கீறலும் உதவாது.

உள்ளே புதிய நாற்காலி வாங்க வேண்டியதில்லை. சுழல் நாற்காலியின் கால்மிதியில் ஏறி உட்காரச் சொல்வதுதான் ஆபத்து, அது கவிழ்ந்துவிடும். மிதியை மடக்கிவிட்டு உட்காரச் செய்யுங்கள். மடங்காவிட்டால், 18 அங்குல உயரமுள்ள, கைப்பிடி வைத்த மர நாற்காலியில் வெட்டலாம். சக்கர நாற்காலியில் வந்தவருக்கு அதிலேயே, சக்கரத் தடையைப் பூட்டிவிட்டு வெட்டுங்கள்.

முதியவர்களின் கழுத்தைப் பின்னால் வளைத்துத் தலை அலசாதீர்கள். தலைசுற்றல் வரும், அரிதாகப் பக்கவாதமும் வந்திருக்கிறது. முன்பக்கம் லேசாகக் குனியச் செய்து அலசுங்கள். அதுவும் சிரமமென்றால், வெந்நீர் தெளித்து ஈரமாக்கினாலே வெட்டுவதற்குப் போதும்.