பதினாறு வயசுப் பிள்ளைகள் வரும் பொங்கல் விழாவுக்கு என்ன தீம்?

கேள்வி: "அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் ஒரு நகரத் தமிழ்ச் சங்கத்துக்கு இந்த வருஷம் கலைச் செயலாளராக வந்திருக்கிறேன். பொங்கல் விழாவுக்கு நானூறு பேர் வருகிறார்கள். ஆனால் பதினான்கு வயசுக்கு மேல் பிள்ளைகளே இல்லை. வந்தாலும் காரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கமிட்டியில் சிலர் சினிமாப் பாடகரை அழைக்கலாம் என்கிறார்கள். எந்தத் தீம் வைத்தால் இளையவர்கள் வருவார்கள்?"

பதில்: பறையைத் தீமாக வையுங்கள். அதிலும் "பறை யாருடையது?" என்ற கேள்வியை வையுங்கள். இருபது வருஷமாக இப்படிப்பட்ட விழாக்களுக்கு நிகழ்ச்சி வடிவமைத்துக் கொடுக்கிறேன். ஐந்திணை, சமையல், ஊர்க்கதை என்று எத்தனையோ செய்து பார்த்திருக்கிறேன். நானாக வெளியே வந்து கதவைத் திறக்காமலே பதினாறு வயசுப் பையனும் பெண்ணும் உள்ளே நுழைந்தது பறைச் சத்தம் கேட்டபோதுதான்.

காரணம் ரொம்ப எளிது. பட்டிமன்றத்துக்கும் கவியரங்கத்துக்கும் வேகமான தமிழ் புரிய வேண்டும். பரதநாட்டியத்துக்கு ஐந்து வயசிலேயே தொடங்கியிருக்க வேண்டும். பறைக்கு இரண்டும் வேண்டாம். பன்னிரண்டு வாரம் ஒழுங்காக வந்தால் யாரும் நான்கைந்து அடிகளைச் சேர்ந்து அடித்து ஆடிவிடலாம். தமிழ் திக்கித் திக்கிப் பேசும் பிள்ளையும் அங்கே குறைந்தவனாகத் தெரிய மாட்டான்.

முதலில் நீங்கள் மாட்டிக்கொள்ளக் கூடாத இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சினிமாப் பாடகர் என்று கமிட்டியில் யார் பேச்செடுத்தாலும், அந்த யோசனைக்குப் பின்னால் ஒரு தரகர் போன் பண்ணியிருப்பார். "ஏழு ஊர் டூர், உங்க ஊருக்கு ஒரு தேதி ஒதுக்கித் தரேன், பாதிப் பணம் இப்பவே போடுங்க" என்பார். நான் பொறுப்பில் இருந்த ஒரு சங்கத்தில் பதினைந்தாயிரம் டாலர் அப்படிப் போனது. விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பாடகருக்கு விசா வரவில்லை என்று செய்தி வந்தது. விசாரித்தால், அவருக்காக யாருமே முறையாக விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. பணம் "அடுத்த வருஷ நிகழ்ச்சிக்கு வரவு" ஆனது. அடுத்த வருஷம் கமிட்டி மாறிவிட்டது, தரகரின் நம்பரும் மாறிவிட்டது.

ஆகவே யாராவது கலைஞரை அழைத்து வருவதாகச் சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்த விசா? மனு போட்டவர் யார்? அந்த மனுவுக்குக் குடிவரவுத் துறை கொடுத்த ரசீது எண்ணைக் காட்டுங்கள்." சம்பளம் வாங்கிக்கொண்டு மேடையேறுபவர் சுற்றுலா விசாவில் வரக் கூடாது. ரசீது எண் இல்லாமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். "நம்ம ஊர்க்காரர்தானே" என்பதெல்லாம் ரசீது ஆகாது. இப்படி ஏமாந்த சங்கங்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை, அதனால்தான் அதே ஆள் அடுத்த ஊரில் அதையே செய்கிறார். எனக்கு இதில் பொறுமை போய் ரொம்ப நாளாயிற்று.

பாடகர் வந்தே விட்டாலும் உங்கள் பிள்ளைகள் காரில்தான் இருப்பார்கள். அந்தக் கூட்டம் அப்பா அம்மாக்களின் கூட்டம்.

சரி, பறைக்கு வருவோம். ஆகஸ்ட் கடைசியில் தொடங்குங்கள். பதினான்கு முதல் பத்தொன்பது வயசு வரை, பத்திலிருந்து பதினாறு பேர் போதும். பாதிப் பேர் பெண்பிள்ளைகளாக இருக்கட்டும். "பொண்ணுங்க பறையடிக்கிறதா?" என்று ஒரு பெரியவர் கேட்பார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு என்று பெண்களே பறையடித்து ஆடும் குழு இருக்கிறது என்று அவருக்குச் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கான பறை ஒன்று முழ அகலத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். மூன்று வளைந்த மரத்துண்டுகளை இணைத்த சட்டம், அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டிய தோல். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய நீண்ட மூங்கில் சிம்புக்குச்சி. தோல் பறையைத் தீயில் காய்ச்சித்தான் நாதம் ஏற்ற வேண்டும். இங்கே பள்ளிக்கூட ஹாலில் வைக்கோல் கொளுத்த விடமாட்டார்கள், தீ அலாரம் அடித்தால் ஹால் வாடகையோடு அபராதமும் வரும். காய்ச்சாத தோல் தொப்தொப்பென்றுதான் ஒலிக்கும். ஆகவே பிள்ளைகளுக்கெல்லாம் ஃபைபர் முகம் போட்ட பறை வாங்குங்கள். ஆசானுக்கு மட்டும் ஒரே ஒரு தோல் பறை. அதை வெளியில், பார்க்கிங் ஓரத்தில், அனுமதி வாங்கிக் காய்ச்சிக் காட்டுங்கள். பிள்ளைகள் அந்தத் தீயைச் சுற்றி நிற்பார்கள். ஊரிலிருந்து அந்தத் தோல் பறையைக் கொண்டுவருபவர் விமான நிலையச் சுங்கத்தில் அறிவித்துவிட வேண்டும், பையில் ஒளித்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

யாருடையதாவது கராஜில் ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம் போதும். முதல் நான்கு வாரம் ஒத்தையடி மட்டும். பிள்ளைகள் சினிமா அடிக்குத் தாவத் துடிப்பார்கள், விடாதீர்கள். கை ஒன்றாக விழாமல் கால் ஆடத் தொடங்கினால் கடைசி வரை அது கூச்சல்தான். அப்புறம் சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, ஆட்டம். வாட்ஸ்ஆப் குழுவில் பெற்றோர் இருக்கக் கூடாது, ஓட்டிக் கொண்டுவந்து விடுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. ஐந்தாவது வாரம் கவனியுங்கள்: வர முடியாத பிள்ளை தானே "இன்னிக்கு வர முடியாது" என்று செய்தி போட்டால் வகுப்பு உயிரோடு இருக்கிறது. அம்மா போட்டால் அந்தப் பிள்ளை ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம்.

ஆறாவது வாரம் போல ஒரு கேள்வி வரும். எனக்கு வந்த மாதிரியே சொல்கிறேன். குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெண், பதினைந்து வயசு, கேட்டாள்: "அங்கிள், இது சாவுக்கு அடிக்கிறதுன்னு பாட்டி சொல்றாங்க. வீட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாதாம். அப்போ நம்ம ஏன் அடிக்கிறோம்?" கராஜே அமைதியாகிவிட்டது. உங்கள் விழாவின் தீம் அந்த இடத்தில் பிறக்கிறது. சமாளித்துப் பதில் சொல்லாதீர்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களிலும் பறையைச் சேர்க்கிறது, ஒரு காலத்தில் எல்லாருக்கும் செய்தி சொன்ன கருவி அது என்று சொல்லுங்கள். அதை அடித்தவர்களைத் தீண்டத்தகாதவர் என்று ஊருக்கு வெளியே நிறுத்தினோம் என்பதையும் அதே குரலில் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் அவர்கள் படித்த "பரையா" என்ற ஆங்கிலச் சொல், ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில், பறையர் என்ற பெயரிலிருந்தே போனது. இதைக் கேட்டதும் அந்தப் பிள்ளைகளின் முகம் மாறும். தங்கள் வகுப்பில் இனவெறியைப் பற்றிக் கட்டுரை எழுதும் பிள்ளைகள் அவர்கள். இங்கே முதல்முறையாகத் தங்கள் வீட்டைப் பற்றி ஒரு நேர்மையான பேச்சைக் கேட்கிறார்கள்.

அதற்கு அடுத்த வாரமே ஒவ்வொருவரும் தங்கள் தாத்தாவையோ பாட்டியையோ வீடியோவில் இரண்டு நிமிஷம் பேட்டி எடுக்கட்டும். மூன்று கேள்விகள்: உங்கள் ஊரில் பறையடித்தவர் யார், அவர் வீடு எங்கே இருந்தது, அவருக்கு எங்கே வைத்துச் சாப்பாடு போட்டீர்கள். கடைசிக் கேள்விக்குப் பல பாட்டிகள் பதில் சொல்லாமல் நிறுத்துவார்கள். அந்த மௌனத்தை வெட்டாதீர்கள். கீழே ஆங்கில வரியைப் பிள்ளைகளே போடட்டும், தமிழ் எழுதப் படிக்க அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

கமிட்டியில் எதிர்ப்பு வரும். "பொங்கல் அன்னிக்கு ஜாதிப் பேச்சு எதுக்கு, பிள்ளைங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது" என்பார்கள். தெரியாது என்பது பொய். வீட்டில் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் அவர் ஜாதியைப் பற்றி என்ன பேசுகிறோம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் விட்டுக்கொடுத்தால் பறை இன்னொரு ஐட்டம் டான்ஸாகச் சுருங்கிவிடும், பிள்ளைகளும் அடுத்த வருஷம் வர மாட்டார்கள்.

இனி ஒரு விதிவிலக்கு, கொஞ்சம் விரிவாகவே. மேலே தரகர் வேண்டாம் என்றேன், வெளியிலிருந்து யாரையும் அழைக்கவே கூடாதா? பறை ஆசானை மட்டும் அழைக்கலாம். அதற்கு நேரான வழி இருக்கிறது: பி-3 விசா. தனித்தன்மையுள்ள பண்பாட்டுக் கலையை நிகழ்த்தவும் கற்பிக்கவும் வருபவர்களுக்கானது அது. உங்கள் சங்கமே ஐ-129 மனு போட வேண்டும். அந்தக் கலையின் தன்மையை அறிந்தவர்கள் எழுதிய கடிதங்களும், அந்தத் துறைத் தொழிற்சங்க அமைப்பின் கருத்துக் கடிதமும் சேர வேண்டும். ஆறேழு மாதம் முன்னே தொடங்கினால்தான் நிம்மதி, ஆனால் ஒரு வருஷத்துக்கு முன்னால் போட முடியாது. ஒரு குடிவரவு வக்கீல் பார்த்துக் கொடுப்பது நல்லது. இந்த வருஷப் பொங்கலுக்கு இது நடக்காது, அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷம் பக்கத்து மாநிலங்களில் ஏற்கெனவே முறையான விசாவோடு வாழ்ந்துகொண்டு பறை பழகியவர்கள் இருப்பார்கள், இரண்டு வார இறுதிக்கு வரவழையுங்கள். "மகள் வீட்டுக்கு டூரிஸ்ட் விசாவில் வந்திருக்கிற ஆசான், கவரில் ஐந்நூறு டாலர் கொடுத்தால் போதும்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் திரும்ப இந்த நாட்டுக்குள் வர முடியாமல் போவது அந்த ஏழைக் கலைஞர்தான்.

தேதி விஷயம் சுருக்கமாக. ஜனவரி மூன்றாம் திங்கள், மார்ட்டின் லூதர் கிங் நாள் விடுமுறை. அந்த நீண்ட வார இறுதி பொங்கலை ஒட்டியே வரும், பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் வீட்டுக்கு வர வாய்ப்புள்ள நாளும் அதுதான். மாத இறுதிக்குத் தள்ளினால் கல்லூரி திறந்திருக்கும், அவர்களை மறந்துவிடுங்கள். ஆடிட்டோரியம் வேண்டாம், பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தை எடுங்கள். நடுவே தரையில் பிள்ளைகள், சுற்றிலும் மக்கள். கூடம் எதிரொலிக்கும், பதினைந்து பறைகள் அடித்தால் காது வலிக்கும், வாசலில் காதடைப்பான் ஒரு டப்பா வையுங்கள். ஹாலுக்குப் பள்ளி நிர்வாகம் காப்பீட்டுச் சான்று கேட்கும், பல இடங்களில் பத்து லட்சம் டாலருக்கு. அதை நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள்.

நிகழ்ச்சி வரிசை: முதலில் பாட்டிகளின் வீடியோ, பிறகு ஒரு பிள்ளை எழுந்து தமிழும் ஆங்கிலமுமாக மூன்று நிமிஷம் பேசட்டும், பிறகு பறை. பொன்னாடை போர்த்துவது, தலைவர் உரை எல்லாம் சாப்பாட்டுக்குப் பின். இதற்கு மட்டும் கமிட்டியில் எழுத்தில் தீர்மானம் வாங்கிக்கொள்ளுங்கள், மைக்கைக் கையில் வாங்கியவரிடமிருந்து திரும்ப வாங்க முடியாது.

கடைசியாக, பறைகளை எங்கே வைப்பது? சங்கப் பொருளாளர் வீட்டு நிலவறையில் வைத்தால், ஜனவரியில் கமிட்டி மாறும்போது சாவி யாரிடம் என்றே தெரியாமல் போகும். நான் பார்த்த இரண்டு குழுக்கள் அப்படித்தான் நின்றுபோயின. ஒவ்வொரு பிள்ளையும் தன் பறையை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். அந்தப் பாட்டி இருக்கும் வீட்டுக்கும்தான்.