இரண்டு வயதுக் குழந்தைக்கு மலம் இறுகினால் என்ன கொடுப்பது?

"மகளுக்கு 2 வயது. மூன்று நாளுக்கு ஒருமுறைதான் போகிறாள், அதுவும் ஆட்டுப் புழுக்கை மாதிரி. தினமும் ராகிக் கஞ்சி கொடுத்தும் பலனில்லை. பால் நான்கு டம்ளர் குடிப்பாள்."

முதலில் பாலைக் குறையுங்கள். இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் போதும். வயிறு பாலாலேயே நிறைந்தால் பழமும் சோறும் உள்ளே போகாது.

ராகியை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டிய பாலில் காய்ச்சுகிறீர்களா? அப்படியென்றால் நார்ச்சத்து துணியில் தங்கிய சக்கையோடு போய்விடுகிறது. சலிக்காத மாவில் தளதளவென்று நீர்க்கக் காய்ச்சுங்கள்.

இரவில் பத்து உலர் திராட்சையைக் கழுவி, கால் டம்ளர் வெந்நீரில் ஊறப்போடுங்கள். காலையில் உப்பியிருக்கும். அதே தண்ணீரோடு நன்றாக மசித்துக் கஞ்சியில் கலந்துவிடுங்கள். முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கலாம். மதியம் பருப்பும் கீரையும் மசித்த குழைந்த சோறு, மாலையில் பழுத்த பப்பாளி நாலு துண்டு அல்லது கனிந்த பேரிக்காய். ஜூஸாக்க வேண்டாம், நார் போய்விடும். இடையிடையே தண்ணீர் கொடுங்கள். நார் மட்டும் கூடி நீர் கூடாவிட்டால் இறுக்கம் அதிகமாகும்.

சாப்பிட்டதும் ஐந்து நிமிடம் குழந்தைகளுக்கான கழிப்பறை இருக்கையில் உட்காரவையுங்கள், பாதம் தரையில் பதியட்டும். வலிக்குப் பயந்து காலை இறுக்கி அடக்கினாலோ, இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். மலத்தில் ரத்தம், வாந்தி, வயிறு உப்புசம் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.