சப்பாத்தியை நிறுத்துமுன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்: கோதுமை பற்றிய கேள்வி-பதில்

வயது 29. ஹீமோகுளோபின் 8.9, இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறவில்லை. வயிறு உப்புசம் வேறு. தோழி சொன்னாள் என்று மூன்று மாதமாகக் கோதுமையை நிறுத்தினேன், வயிறு நன்றாகிவிட்டது. இப்போது எடுத்த டிடிஜி ஐஜிஏ பரிசோதனை "இயல்பு" என்கிறது. அப்படியானால் எனக்குச் சீலியாக் நோய் இல்லைதானே?

அந்த ரிப்போர்ட்டை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. சீலியாக் நோயில் கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தின் துண்டுகளைப் பார்த்து உடலின் தற்காப்பு அணுக்கள் சொந்தச் சிறுகுடலையே தாக்குகின்றன. உணவுச் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் மழுங்கிப்போகின்றன. டிடிஜி என்பது குடல் திசுவில் இருக்கும் ஒரு நொதி. அதற்கு எதிராக உடல் செய்யும் ஐஜிஏ வகை ஆன்டிபாடியைத்தான் இந்தப் பரிசோதனை அளக்கிறது. குளூட்டன் வருவது நின்றால் சில மாதங்களில் ஆன்டிபாடி குறைந்து, குடலும் ஆறத் தொடங்கும். நீங்கள் தீயை அணைத்துவிட்டுப் புகையைத் தேடியிருக்கிறீர்கள்.

உங்கள் விஷயத்தில் என்னை யோசிக்கவைப்பது உப்புசம் அல்ல, ரத்தசோகை. இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். சீலியாக் முதலில் கெடுப்பதும் அந்த இடத்தைத்தான். சீலியாக் இல்லாமல் கோதுமை ஒத்துக்கொள்ளாமல் போகும் வெறும் குளூட்டன் கூருணர்வில் குடல் இப்படிச் சேதமாவதில்லை. மாதவிடாயில் அதிக ரத்தம் போவது போன்ற வேறு காரணங்களையும் மருத்துவர் பார்க்கட்டும்.

இனி என்ன செய்யலாம்? முதலில் எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுப் பரிசோதனை. இதற்கு மட்டும் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை, அலைச்சல் மிச்சம். இருந்தால் எதுவும் உறுதியாகாது, ஏனென்றால் மூன்றில் ஒருவருக்கு இவை இருக்கும். அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வரும்.

மரபணு இருந்தால், மருத்துவர் மேற்பார்வையில் மறுபடி கோதுமை சாப்பிட வேண்டும். 30 கிராம் மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 2 முதல் 3 கிராம் குளூட்டன். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று 6 முதல் 8 வாரம். அவ்வளவு தாங்காவிட்டால் தினம் 3 கிராம் வீதம் குறைந்தது இரண்டு வாரமாவது. ஆனால் காலம் குறையக் குறைய நோயைத் தவறவிடும் வாய்ப்பு கூடும். முன்பு கோதுமையால் மூச்சுத் திணறலோ உடல் தடிப்போ வந்தவர்கள் இதை வீட்டில் செய்யவே கூடாது.

பிறகு டிடிஜி ஐஜிஏவோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்து எடுங்கள். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏவே சுரப்பதில்லை. அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ எப்போதும் "இயல்பு" என்றே வரும். ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்டிபாடியைப் பார்க்கும் பரிசோதனைதான் உதவும். எண்டோஸ்கோபி செய்தால், முன்சிறுகுடலின் தொடக்கக் குமிழில் ஒன்றிரண்டும் அதைத் தாண்டி நான்கும் திசுத் துண்டுகள் எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியில் சேதம் தெரியலாம். சேதம் திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் ஒரு துண்டு போதாது.

தென்னிந்தியர்களுக்குச் சீலியாக் வராது என்கிறார்களே?

அரிதுதான், ஆனால் வரும். 2016இல் வெளியான பல மாநில ஆய்வில் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம். மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வித்தியாசம் தட்டில்: வடக்கே நாளுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை, தெற்கே 25 கிராம். இரவு டிபன் தினமும் சப்பாத்தியாக மாறிவிட்ட வீடுகளுக்குப் பழைய கணக்கு எத்தனை நாள் பொருந்தும் என்பது என் சந்தேகம்.

ரத்தப் பரிசோதனையில் கோதுமை ஐஜிஇ லேசாகக் கூடியிருக்கிறது. ஆனால் பரோட்டா சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. நிறுத்த வேண்டுமா?

ஒன்றும் ஆகவில்லையென்றால் நிறுத்த வேண்டாம். ஐஜிஇ என்பது ஒவ்வாமை வகை ஆன்டிபாடி. அது கூடியிருப்பது உடல் கோதுமையை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. ஒவ்வாமை என்று சொல்லச் சாப்பிட்டதும் அறிகுறி வர வேண்டும். உண்மையான கோதுமை ஒவ்வாமை சில நிமிடங்களில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு என்று வரும். சீலியாக் போலக் குடல் சேதமாவதில்லை, ஆனால் உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பரோட்டா சாப்பிட்டு ஓடினாலோ விளையாடினாலோ மட்டும் உடம்பெல்லாம் தடித்து மயக்கம் வருவோர் இருக்கிறார்கள். சாப்பாடு மட்டும் என்றால் ஒன்றுமில்லை, ஓட்டம் மட்டும் என்றாலும் ஒன்றுமில்லை, இரண்டும் சேர்ந்தால்தான் வரும். ஆஸ்பிரின் வகை மாத்திரையும் மதுவும் இதைத் தூண்டும். இதற்குக் கோதுமைப் புரதம் ஒன்றை மட்டும் குறிவைக்கும் ஒமேகா-5 கிளையாடின் ஐஜிஇ என்று தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். சாதாரண கோதுமை ஐஜிஇ தவறவிடலாம்.

எல்லாப் பரிசோதனையும் இயல்பு. ஆனாலும் கோதுமை சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது, தலை மந்தமாகிறது.

சீலியாக், கோதுமை ஒவ்வாமை இரண்டும் இல்லையென்று உறுதியான பிறகு வைக்கும் பெயர்தான் குளூட்டன் கூருணர்வு. இதற்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது. "உணவு ஐஜிஜி பேனல்" என்று விற்பதில் பணத்தைப் போடாதீர்கள். அது நீங்கள் எதைச் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதைத்தான் சொல்லும், அது உங்களுக்கே தெரியும்.

ஆறு வாரம் கோதுமை, பார்லி இல்லாமல் இருந்து, தொல்லைக்கு வாரந்தோறும் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். 30 சதவீதமாவது குறைந்தால் திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2018இல் வெளியான நார்வே ஆய்வில், தாமாகவே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்கு எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் மூன்று வகை தானியக் கட்டிகளை வாரம் ஒன்றாகக் கொடுத்தார்கள். குளூட்டன் கட்டி, எதுவும் சேர்க்காத வெறும் கட்டியைவிட மோசமாக இல்லை. அதிகம் தொல்லை தந்தது ஃபிரக்டன் கட்டி. ஃபிரக்டன் என்பது குடல் செரிக்க முடியாத, பெருங்குடல் கிருமிகள் புளிக்கவைத்து வாயுவாக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி. கோதுமையில் அதுவும் இருக்கிறது.

நம் சமையலில் அதைவிடப் பெரிய ஃபிரக்டன் மூலம் வெங்காயமும் பூண்டும். இட்லியோடு சின்ன வெங்காய சாம்பார் சாப்பிட்ட அன்றும் வயிறு ஊதினால் சந்தேகம் கோதுமை மேல் அல்ல, வெங்காயத்தின் மேல். அளவு குறைந்தால் தொல்லையும் குறையும். இரண்டு சப்பாத்தி ஒத்துக்கொண்டு நான்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் இரண்டோடு நிறுத்துங்கள்.

மகனுக்குச் சீலியாக் உறுதி. கோதுமை ஒரு வருடமாக இல்லை, ஆனால் டிடிஜி இறங்கவே இல்லை.

சமையலறையைத் துழாவுங்கள். தினம் 50 மில்லிகிராம் குளூட்டன், அதாவது சப்பாத்தியின் சிறு துணுக்கு, மூன்று மாதத்தில் குடலைக் கெடுப்பதாக ஆய்வில் தெரிந்தது. கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கலாம், லேபிளைப் பாருங்கள். மால்ட் கலந்த பால் பானம் பார்லி. சத்துமாவில் கோதுமை இருக்கும். ரவை, சேமியா, சம்பா கோதுமை எல்லாமே கோதுமைதான்.

நான் முதலில் சந்தேகப்படுவது மாவு மில்லை. முன்னால் வந்தவர் கோதுமை அரைத்த அதே கல்லில் உங்கள் கேழ்வரகு விழுந்தால், முதல் சில படி மாவில் கோதுமையும் சேர்ந்து வரும். கேழ்வரகையும் கம்பையும் வீட்டிலேயே கல் பொறுக்கி, கழுவி, காயவைத்து, கோதுமையே படாத மிக்ஸியில் அரையுங்கள். கடை மாவு வாங்கினால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு உட்பட்ட "குளூட்டன் இல்லாதது" என்ற லேபிள் இருக்கட்டும்.

கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் இதே லேபிளை நம்பக் கூடாது. குளூட்டன் நீக்கிய கோதுமை ஸ்டார்ச் சேர்த்த சில பிஸ்கட்டுகளும் அந்தப் பெயரில் வருகின்றன. அவர்கள் பொருட்பட்டியலில் "கோதுமை" என்ற சொல்லையே தேட வேண்டும்.